வன்முறை அபாயத்தை மருத்துவர் எவ்வாறு மதிப்பிடுகிறார்? உள்ளுணர்வும் ஒழுங்குமுறையான தீர்மானமும்

மனநலப் பிரிவுக்கு ஒருவரை அழைத்து வரும் குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் மிகக் கடினமானது இது: "இவரால் எங்களுக்கு ஏதேனும் ஆபத்து நேருமா, டாக்டர்?" இதற்கு ஒரே சொல்லில் விடை கூற எங்களால் இயலாது. எனினும் விடையைத் தேடும் முறை ஒன்று உண்டு. நேர்காணலின்போது நாங்கள் ஏன் சில கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம், ஏன் உங்களைத் தனியே அழைத்துப் பேசுகிறோம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மனநோய் உள்ளவர்களுள் மிகப் பெரும்பாலோர் எவரையும் தாக்குவதில்லை. பிறரின் தாக்குதலுக்கு அவர்கள் ஆளாவதே மிகுதி. ஆகவே, நோயின் பெயரைக் கொண்டு ஒருவரை ஆபத்தானவர் என்று முடிவு செய்ய முடியாது. ஆபத்து உள்ள சிலரை எவ்வாறு இனங்காண்பது என்பதே எங்கள் முன்னுள்ள பணி.

உள்ளுணர்வு எங்கே வழிதவறுகிறது?

அனுபவமுள்ள மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்த சில நிமிடங்களிலேயே அவர் மனத்தில் ஓர் எண்ணம் உருவாகிவிடுகிறது. அந்த எண்ணம் எவ்வளவு நம்பத்தக்கது? அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், அவசர மனநலப் பிரிவுக்கு வந்த நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 1993இல் வெளியாயிற்று. "இவர் வன்முறையில் இறங்கக்கூடும்" என்று மருத்துவக் குழுவினர் கருதியவர்கள் ஒரு பிரிவினர். வயது, பாலினம் முதலியவற்றில் அவர்களை ஒத்திருந்தும் அத்தகைய ஐயத்தை எழுப்பாதவர்கள் மற்றொரு பிரிவினர். இரு பிரிவினரையும் ஆய்வாளர்கள் ஆறு மாதங்கள் தொடர்ந்து கவனித்தனர். ஐயத்திற்குரியோர் எனக் கருதப்பட்டவர்களுள் 53 விழுக்காட்டினர் வன்முறையில் ஈடுபட்டிருந்தனர். ஐயத்தை எழுப்பாதவர்களிலோ அது 36 விழுக்காடாக இருந்தது.

மருத்துவர்களின் கணிப்பில் ஓரளவு உண்மை இருந்தது என்பதையும், அது போதுமானதாக இல்லை என்பதையும் இவ்விரு எண்களும் ஒருங்கே காட்டுகின்றன. பெண் நோயாளிகளைப் பொறுத்தவரை அவர்களின் கணிப்பு, நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிட மேலானதாக அமையவில்லை. பெண்கள் தாக்கமாட்டார்கள் என்ற பொது எண்ணம் மருத்துவரின் கண்ணையும் மறைத்திருந்தது.

உள்ளுணர்வு எளிதில் புலப்படுவதையே பற்றிக்கொள்கிறது. உயர்ந்த உடலமைப்பு, உரத்த குரல், கலைந்த தலை ஆகியவை அச்சத்தைத் தருகின்றன. பணிவான பேச்சும் துவைத்த சட்டையும் அச்சத்தைப் போக்கிவிடுகின்றன. முந்தைய வாரம் கண்ட ஒரு கொடிய நிகழ்வு, இவ்வாரம் வருகின்ற நோயாளியின்மீதும் தன் நிழலைப் படியச் செய்கிறது. இவற்றுள் எதுவும் வன்முறைக்கான காரணம் அன்று.

ஒரே காலையில் இருவர்

விளக்கத்திற்காக இரு நோயாளிகளைக் கற்பனையாகக் கொள்வோம். முதலாமவர் இருபத்தைந்து வயது இளைஞர். புறநோயாளிப் பிரிவில் உரக்கக் கத்துகிறார், தமக்குத்தாமே பேசிக்கொள்கிறார், காத்திருப்போர் விலகி அமர்கின்றனர். இரண்டாமவர் நாற்பது வயதுடையவர். மனைவியுடன் வந்து, கைகூப்பி வணங்கி, "தூக்கம் சரியாக வருவதில்லை ஐயா, வேறொன்றுமில்லை" என்கிறார். மனைவி தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார்.

இவ்விருவரில் யார் ஆபத்தானவர் என்று வினவினால், பார்வையாளர் அனைவரும் இளைஞரையே சுட்டுவர். ஒழுங்குமுறையாக விசாரித்தபோது வேறு சித்திரம் கிடைக்கிறது. இளைஞர் இதுவரை எவரையும் அடித்ததில்லை, மது அருந்துவதில்லை, அவர் செவியில் ஒலிக்கும் குரல்கள் அவரை ஏசுகின்றனவே அன்றி, எவரையும் தாக்குமாறு ஏவுவதில்லை, அம்மா சொன்னால் மாத்திரையை விழுங்கிவிடுகிறார். அவருக்கு மருத்துவம் உடனே தேவை. ஆயினும் பிறருக்கு அவரால் நேரக்கூடிய ஆபத்து குறைவு.

இரண்டாமவரிடம் கேள்விகள் பொதுவானவற்றிலிருந்து குறிப்பானவற்றை நோக்கிச் செல்கின்றன. "எதனால் தூக்கம் கெடுகிறது?" மனைவியைப் பற்றிய கவலை என்கிறார். "என்ன கவலை?" அவளுக்கு வேறொருவருடன் தொடர்பு இருக்கிறது என்கிறார். "எப்படி அறிந்தீர்கள்?" அவள் கைப்பேசியில் பேசும் நேரமும் புடவையின் நிறமும் தமக்கு உணர்த்தியதாகக் கூறுகிறார். ஆதாரமற்ற, அசைக்க முடியாத இந்த நம்பிக்கை ஐயநோய் எனப்படும் நிலையின் அடையாளம். "அந்த எண்ணம் வரும்போது என்ன செய்வீர்கள்?" அவள் வேலை செய்யும் கடைக்கு எதிரில் போய் நிற்பதாகச் சொல்கிறார். "கை ஓங்கியது உண்டா?" சற்று நேரம் மௌனம். "ஒருமுறை."

இத்தகைய கேள்விகள் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடும் என்று குடும்பத்தினர் அஞ்சுவதுண்டு. அவ்வாறு நிகழ்வதில்லை. நேரடியாகக் கேட்கப்பட்டால் பலர் உண்மையைச் சொல்லிவிடுகின்றனர். சிலர் சொல்ல நேர்ந்ததில் ஆறுதலும் அடைகின்றனர்.

பின்னர் மனைவியைத் தனியே சந்திக்கிறோம். கணவர் "ஒருமுறை" என்றது மூன்று முறை என்று தெரிகிறது. கடைசி நிகழ்வில் கழுத்தை நெரித்திருக்கிறார். மூன்றும் குடித்திருந்த இரவுகளில், மனைவி தாமதமாக வீடு திரும்பிய நாள்களில் நடந்தவை. மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதங்கள் ஆகின்றன. தலையணைக்கு அடியில் கடந்த வாரம் முதல் ஒரு கத்தி இருக்கிறது. கணவர் அருகில் இருந்தவரை இவற்றுள் ஒன்றையும் அவர் கூறவில்லை.

ஒழுங்குமுறையான தீர்மானம் என்பது என்ன?

இவ்விவரங்கள் மருத்துவரின் நினைவாற்றலையோ அன்றைய மனநிலையையோ சார்ந்து விடுபடாமலிருக்க, கேட்கவேண்டியவை முன்கூட்டியே வகுக்கப்பட்டுள்ளன. உலகெங்கும் பரவலாகப் பயன்படும் எச்.சி.ஆர்-20 என்னும் முறை கனடாவில் உருவாகி 1995இல் முதலில் வெளிவந்தது. அதன் மூன்றாம் பதிப்பு 2013இல் வந்தது. அதில் இருபது கூறுகள் உள்ளன. பத்து கூறுகள் கடந்த காலத்தைப் பற்றியவை: முன்பு நிகழ்ந்த வன்முறை, போதைப் பழக்கம், முந்தைய சிகிச்சைக்கு ஒத்துழைத்தாரா என்பன போன்றவை. ஐந்து கூறுகள் இப்போதைய நிலையை ஆராய்கின்றன: தம் நோயைப் பற்றிய புரிதல், தாக்கும் எண்ணம், நோய்க்குறிகள் முதலியன. எஞ்சிய ஐந்தும் வரும் நாள்களைப் பற்றியவை: எங்கே, யாருடன் வாழப்போகிறார், துணை யார், எந்த நெருக்கடிகள் காத்திருக்கின்றன என்பவை.

ஒவ்வொரு கூறும் உள்ளதா, ஓரளவு உள்ளதா, இல்லையா என்று குறிக்கப்படுகிறது. ஆனால் அவற்றைக் கூட்டி மதிப்பெண் போடுவது இம்முறையின் நோக்கமன்று. ஒரே ஒரு கூறு மட்டும் தீவிரமாக இருந்தாலும் அபாயம் உயர்ந்ததாகலாம். பட்டியல் எதையும் மறவாதிருக்கத் துணைபுரிகிறது. அதன்பின் தீர்மானிப்பவர் மருத்துவரே. உள்ளுணர்வுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இங்கே தீர்மானத்திற்கான காரணங்கள் எழுத்தில் இருக்கின்றன என்பதாகும். மற்றொரு மருத்துவர் அவற்றைப் படித்து மறுக்கலாம். அடுத்த வாரம் மாறியது எது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நம் இரண்டாம் நோயாளிக்குத் திரும்புவோம். "இவர் ஆபத்தானவர்" என்று எழுதுவதால் எவருக்கும் பயனில்லை. மாறாக, நாங்கள் இவ்வாறு எழுதுவோம்: "அபாயம் மனைவிக்கு உரியது, பிறருக்கு மிகக் குறைவு. மது அருந்திய இரவில், மனைவி தாமதித்து வந்தால் தாக்குதல் நேரலாம். கழுத்தை நெரித்ததும் கத்தி வைத்திருப்பதும் அது உயிருக்கே ஆபத்தாகலாம் எனக் காட்டுகின்றன. காலம்: வரும் நாள்களிலேயே." இவ்வாறு எழுதியவுடன் செய்யவேண்டியவை தாமே புலப்படுகின்றன. கத்தியை வீட்டிலிருந்து அகற்றவேண்டும். அன்றிரவு முதல் மனைவி தம் தாய்வீட்டில் தங்கவேண்டும். கணவரை உள்நோயாளியாகச் சேர்த்து, மதுவை நிறுத்துவதால் வரும் உடல் விளைவுகளுக்கும் ஐயநோய்க்கும் ஒருங்கே மருத்துவம் தொடங்கவேண்டும். வீடு திரும்புவதற்கு முன் மீண்டும் மதிப்பிடவேண்டும். ஏனெனில் மருத்துவமனையில் அமைதியாக இருப்பது வீட்டிலும் அமைதியாக இருப்பார் என்பதற்குச் சான்றாகாது.

உள்ளுணர்வைக் கைவிட்டுவிடலாமா?

இல்லை. ஒரு நோயாளியுடன் பேசும்போது மருத்துவருக்கோ செவிலியருக்கோ காரணம் தெரியாத அச்சம் தோன்றினால், அதை நாங்கள் புறக்கணிப்பதில்லை. அதனை விடையாகக் கொள்ளாமல் கேள்வியாகக் கொள்கிறோம்: எதைக் கண்டு அஞ்சினேன்? இன்னும் எதைக் கேட்கவில்லை? அதுபோலவே, அச்சமே தோன்றாத இடத்திலும் பட்டியலில் உள்ள கேள்விகளைக் கேட்டே தீர்கிறோம். அமைதியான அந்தக் கணவரைப் பொறுத்தவரை எங்களைக் காத்தது இந்த இரண்டாவது வழக்கமே.

ஒருவர் முட்டியை இறுக்கிக்கொண்டு, நிலைகொள்ளாமல் உலவி, பொருள்களை வீசத் தொடங்கிவிட்டால், அது படிவம் நிரப்பும் நேரமன்று. அப்போது விலகுவதும் உதவியை அழைப்பதுமே முதற்பணி.

இம்முறைக்கும் எல்லைகள் உண்டு. இது வருவதுரைக்கும் சோதிடமன்று. உயர்ந்த அபாயம் உள்ளவர் எனக் குறிக்கப்பட்டவர்களுள் பலர் எவரையும் தாக்காமலே வாழ்வர். குறைவு எனக் குறிக்கப்பட்ட ஒருவர் எதிர்பாராமல் தாக்கவும் கூடும். மேலும், ஒரு மதிப்பீடு அது எழுதப்பட்ட சூழலுக்கு மட்டுமே பொருந்தும். வேலை போனாலோ, குடி மீண்டும் தொடங்கினாலோ, மாத்திரை நின்றாலோ பழைய மதிப்பீடு காலாவதியாகிவிடுகிறது.

குடும்பத்தினர் எங்களுக்குச் சொல்லவேண்டியவை

எங்கள் மதிப்பீட்டின் தரம் பெரும்பாலும் நீங்கள் தரும் செய்திகளைப் பொறுத்தது. "அடிக்கடி கோபப்படுவார்" என்பதைவிட, கடைசியாகக் கை ஓங்கியது எந்த நாள், அதற்கு முன் என்ன நடந்தது, குடித்திருந்தாரா, கையில் என்ன இருந்தது, யார் தடுத்தார்கள் என்பன எங்களுக்குப் பெரிதும் உதவும். மாத்திரை எப்போது நின்றது, வீட்டில் கத்தியோ அரிவாளோ எங்கே உள்ளது என்பதையும் கூறுங்கள். குடும்ப மானம் கருதி அடி வாங்கியதை மறைப்பவர்கள் பலர். மறைக்கப்படும் அந்தச் செய்தியே பெரும்பாலும் மதிப்பீட்டை மாற்றக்கூடிய செய்தியாக இருக்கிறது.

நோயாளியின் முன்னிலையில் பேச இயலாது எனில், தனியே பேச விரும்புவதாகச் செவிலியரிடம் சொன்னால் போதும். நோயாளி கூறுவதை நாங்கள் இரகசியமாகக் காக்கக் கடமைப்பட்டவர்கள். எனினும் மற்றொருவரைத் தீங்கிலிருந்து காப்பதற்குத் தேவையான அளவு செய்தியை வெளியிட 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே, உங்கள் உயிருக்கு ஆபத்து உண்டென்று நாங்கள் அறிந்தால், அதை உங்களிடம் கூறுவோம்.