பாராட்டாத முகாமையாளரும் பதிவாகாத உழைப்பும்

கண்டி நகரில் லீசிங் கம்பனி ஒன்றின் கிளையில் தவணைப் பணம் அறவிடும் அலுவலர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக அமைத்த எடுத்துக்காட்டுத்தான். ஆனால் கண்டியில் அலுவலகம் போய்வரும் பலருக்கு இது பழகிய கதையாக இருக்கும். கம்பளையிலிருந்து காலை பஸ்ஸில் வருகிறார். கட்டுகஸ்தோட்டை, திகன, புசல்லாவை என்று அலைந்து முச்சக்கர வண்டிக் கடன்களின் நிலுவையை வசூலிக்கிறார். மாத இலக்கு 85 வீதம். முதல் நான்கு வருடம் அவருடைய கணக்கு 90க்குக் கீழே இறங்கியதில்லை.

மாதக் கடைசியில் கூட்டம் நடக்கும். இலக்கை எட்டாதவர்களின் பெயர்களை முகாமையாளர் வாசிப்பார், காரணம் கேட்பார். எட்டியவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் வராது. முதல் இரண்டு வருடம் அவர் இதைப் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் வருடம், யாரும் தொடத் தயங்கும் பழைய நிலுவைகளைத் தானாகக் கேட்டு வாங்குவதை நிறுத்தினார். நான்காம் வருடம், மாலையில் வாடிக்கையாளருக்கு எடுக்கும் கடைசி இரண்டு அழைப்புகளையும் விட்டுவிட்டார். ஐந்தாம் வருடத்தில் ஒரு மாதம் கணக்கு 82 ஆனது. மறுவாரமே விளக்கம் கோரிக் கடிதம் வந்தது.

அவருடைய கோப்பில் சேர்ந்த முதல் கடிதம் அதுதான். நான்கு வருட நல்ல வேலைக்கு அந்தக் கோப்பில் ஒரு வரியும் கிடையாது. பாராட்டே கிடைக்காத இடத்தில் ஊழியருக்கு இருக்கும் பெரிய ஆபத்து இதுதான். மனம் நோவது ஒரு பக்கம் இருக்க, சம்பள உயர்வும் பதவி உயர்வும் தீர்மானமாகும் நாளில் அவர் பக்கம் பேச ஒரு தாளும் இராது.

மனம் தளர்வது பலவீனமா?

இல்லை. சமூகவியலாளர் யோஹான்னஸ் சீக்ரிஸ்ட் 1996இல் முன்வைத்த கோட்பாடு இதை விளக்குகிறது. உழைப்புக்கு ஈடாக மனிதர் மூன்றை எதிர்பார்க்கிறார்: பணம், மதிப்பு, வேலையின் பாதுகாப்போடு கூடிய முன்னேற்றம். கொடுப்பது நிறையவும் கிடைப்பது குறைவாகவும் நெடுநாள் நீடித்தால் அது உடலையும் தாக்கும். மனச்சோர்வோடும் இதய நோயோடும் இந்தச் சமனின்மைக்குத் தொடர்பு இருப்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

அடம் கிராண்ட், பிரான்செஸ்கா ஜீனோ இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் தொலைபேசியில் நிதி திரட்டிய, நிலையான சம்பளம் பெற்ற ஊழியரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் பணிப்பாளர் நேரில் வந்து நன்றி சொன்னார். அடுத்த வாரம் அவர்கள் எடுத்த அழைப்புகள் 50 வீதத்துக்கு மேல் கூடின. மற்றவர்களிடம் அப்படி மாற்றம் இல்லை. சம்பளத்தில் ஒரு சதமும் கூடவில்லை. நம் அலுவலர் கைவிட்ட அந்த மாலை அழைப்புகளுக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

சட்டம் எதுவரை வரும்?

பாராட்டுப் பெறும் உரிமை என்று இலங்கைச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. “என் மனேஜர் ஒரு நாளும் நல்ல வார்த்தை சொல்லவில்லை” என்று கண்டித் தொழில் அலுவலகத்துக்குப் போனால் அதை முறைப்பாடாக எடுக்க அவர்களால் முடியாது. மௌனத்தால் ஏதாவது கையில் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போனால்தான் சட்டத்துக்கு வேலை வருகிறது.

கடை, அலுவலக ஊழியருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம் என்பது அதன் வரம்பு. அதற்கு மேல் வேலை வாங்கினால் மேலதிகக் கொடுப்பனவு தர வேண்டும். எவ்வளவு செய்தும் போதவில்லை என்ற எண்ணத்தில் பலர் இரவு ஏழு மணிவரை உட்கார்ந்துவிட்டு அந்த நேரத்தைக் குறித்தும் வைப்பதில்லை. பாராட்டைத் தேடி இலவசமாகக் கொடுத்த இந்த மணித்தியாலங்களுக்குச் சட்டப்படி விலை உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில் தருநரின் 12 வீதமும் உங்கள் 8 வீதமும் ஒழுங்காகப் போகின்றனவா என்பதையும் பாருங்கள். இவை பற்றி முறையிட்டால் தொழில் திணைக்களம் விசாரிக்கும்.

நியமனக் கடிதத்தையும் எடுத்துப் பாருங்கள். வருடாந்தச் சம்பள உயர்வு உறுதியாகத் தரப்படும் என்று அதில் இருந்தால் அது ஒப்பந்தக் கடப்பாடு. “செயலாற்றுகையைப் பொறுத்து” என்று இருந்தால், உங்கள் செயலாற்றுகை எங்கே பதிவாகியிருக்கிறது என்பதே முழுக் கேள்வியாகிவிடும்.

மௌனத்தைத் தாளில் ஏற்றுவது

நம் அலுவலர் இப்போது செய்யக்கூடியது என்ன? முதலில், மாதம் முடிந்ததும் தன் கணக்கைத் தானே ஒரு பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். இலக்கு எவ்வளவு, அடைந்தது எவ்வளவு, மீட்ட பழைய நிலுவைகள் எத்தனை, நன்றி சொன்ன வாடிக்கையாளர் யார் எந்தத் திகதியில் என்பவை போதும். வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கத்தையோ கம்பனியின் ரகசியக் கோப்புகளையோ வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. அது ஒழுக்காற்று விசாரணைக்கு வழி திறந்துவிடும்.

அடுத்து, முகாமையாளரிடம் பாராட்டைக் கேட்காமல் மதிப்பீட்டைக் கேட்க வேண்டும். “சேர், போன வருஷம் என்ட ரிக்கவரி 92 வீதம். அடுத்த தரத்துக்குப் போக இதில என்ன குறையுது?” என்று கேட்டால் “நல்லாத்தான் செய்றீர்” என்ற மழுப்பலோடு முடிக்க முடியாது. பதில் எதுவானாலும் அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போக வேண்டும்:

“இன்று பேசியதற்கு நன்றி. கடந்த 12 மாதங்களில் எனது சராசரி வசூல் 92 வீதம் (இலக்கு 85). பதவி உயர்வுக்கு வாகனப் பொறுப்பேற்பு அனுபவமும் தேவை என்று கூறினீர்கள். அதற்கான வாய்ப்பை ஜூன் மாதத்துக்குள் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

நான்கு வரிதான். குறை சொல்லும் தொனி எங்கும் இல்லை. ஆனால் அவருடைய எண்ணிக்கை முதன்முறையாகக் கம்பனியின் பதிவில் ஏறிவிட்டது. முகாமையாளர் மறுக்கவில்லை என்பதும் அதோடு பதிவாகிறது. விளக்கம் கோரிய கடிதத்துக்கான பதிலையும் இதே முறையில் எழுதலாம்: 82 ஆனதற்கான காரணம் ஒரு பந்தி, முந்தைய நான்கு வருடங்களின் கணக்கு ஒரு பந்தி.

வருட இறுதி மதிப்பீட்டுப் படிவத்தில் “ஊழியரின் கருத்து” என்ற இடத்தைப் பெரும்பாலோர் வெறுமையாக விட்டுக் கையெழுத்திடுகிறார்கள். அங்கேதான் எழுத வேண்டும். மதிப்பீட்டோடு உடன்பாடு இல்லையென்றால் “வாசித்தேன், உடன்படவில்லை, காரணம் இணைப்பில்” என்று குறித்துக் கையெழுத்திட்டுப் பிரதி கேளுங்கள். படிவம் உங்களுக்குப் புரியாத மொழியில் இருந்தால், விளங்கப்படுத்தும் வரை கையெழுத்துக்கு அவகாசம் கேளுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முகாமையாளர் எவரையுமே பாராட்டாதவரா, உங்களை மட்டும் விட்டுவிடுகிறவரா? முதலாவது அவர் சுபாவம். மேலே சொன்ன வழி போதும். இரண்டாவதாக இருந்தால், உங்களைப் போன்ற பெறுபேறு காட்டியவருக்கு உயர்வு கிடைத்ததையும் உங்களுக்குக் கிடைக்காததையும் திகதியோடு அருகருகே எழுதி மனிதவளப் பிரிவுக்குக் கொடுங்கள். தொழிற்சங்கம் இருந்தால் அதன் வழியாகப் போவது பலம்.

கோபத்தில் எழுதும் இராஜினாமா

மனம் விட்டுப்போனவர் செய்யும் விலை கூடிய தவறு இது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்த மாதச் சம்பள ஊழியருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதத் தொகை உண்டு. தானாக விலகினாலும் அது கிடைக்கும். நம் அலுவலருக்கு 4 வருடம் 8 மாதம் ஆகிறது. சம்பளம் 60,000 ரூபா என்றால், இன்று விலகினால் பூச்சியம். நான்கு மாதம் பொறுத்தால் 150,000 ரூபா. கிளையில் பத்துப் பேர்தானே என்று விட்டுவிட வேண்டாம். எண்ணப்படுவது தொழில் தருநரின் மொத்த ஊழியர்கள்.

விலகல் கடிதம் இன்னொரு கதவையும் மூடுகிறது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், 15 பேருக்குக் குறையாத நிறுவனம் ஒழுக்காற்றுக் காரணம் அல்லாமல் ஊழியரை நீக்குவதானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும். தானாக விலகியவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் “நீங்களே எழுதிக் கொடுத்திட்டுப் போங்கோ, நல்ல சேர்விஸ் லெட்டர் தாறன்” என்ற பேச்சு வரும். அந்த மேசையில் கையெழுத்திடாதீர்கள். வீட்டுக்குப் போய் நடந்ததைத் திகதியோடு எழுதுங்கள்.

சம்பளக் குறைப்பு, பதவி இறக்கம், பொறுப்புகளைப் பறித்தல், மிரட்டல் ஆகியவற்றால் விலகத் தள்ளப்பட்டிருந்தால் அதை வேலைநீக்கமாகவே கருதும்படி தொழில் நியாயசபையில் வாதிடலாம். ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. வெறும் மௌனம் மட்டும் அங்கே போதாது.

அரச ஊழியருக்கு

பாடசாலை, பிரதேச செயலகம், அரச வைத்தியசாலை ஆகியவற்றில் இருப்பவருக்கு வேறு இரண்டு வழிகள் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தன்னைப் பற்றிய மதிப்பீட்டின் பிரதியையும் பதவி உயர்வுக்குப் பயன்பட்ட புள்ளித் திட்டத்தையும் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானம் சொல்ல வேண்டும். இனம், மொழி, மதம், அரசியல் கருத்து காரணமாக ஒதுக்கப்பட்டதாகத் தெரிந்தால் அது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரைக்கு எதிரானது. உயர் நீதிமன்றம் போக ஒரு மாதமே அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கண்டி அலுவலகத்தில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்த அவகாசத்தில் சேராது.

எப்போது உதவி தேட வேண்டும்?

வேலையில் மட்டும் ஆர்வம் குறைந்து, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு சிரிக்க முடிகிறதென்றால் அது வேலையிடப் பிரச்சினை. தூக்கம், பசி, வீட்டுப் பேச்சு எல்லாமே இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுக் கிடந்தால் வைத்தியரைப் பார்க்க வேண்டும். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு அழைக்கலாம். அந்த நிலையில் விலகல் கடிதமோ சண்டைக் கடிதமோ எழுத வேண்டாம். முதலில் லீவு எடுங்கள்.

முகாமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதக் கூட்டத்தில் குறைகளை வாசிக்கும் அதே தாளில், இலக்கைத் தாண்டியவர் யார், என்ன செய்து தாண்டினார் என்பதையும் பெயரோடு வாசியுங்கள். அதன் பிரதி ஒன்றை அவருடைய கோப்பில் போடுங்கள். மெச்சுதலைத் தாளில் வைப்பவரிடம்தான், பின்னாளில் கண்டிக்க நேரும்போது அந்தக் கண்டிப்புக்கும் நியாயம் இருக்கும்.