ஏலக்காய் விலையின் அடுத்த படிகள்

ஏற்கெனவே தொட்ட உச்சத்தைத் தாண்டி விலை ஏறும்போது, எங்கே விற்பது என்று காட்ட மேலே பழைய விலை எதுவும் இருப்பதில்லை. அந்த வெற்றிடத்தில் இலக்குகளைக் குறிக்க உதவுவதே ஃபிபனாச்சி நீட்டிப்பு. முந்தைய ஏற்றத்தின் நீளத்தை அளந்து, சரிவு நின்ற இடத்திலிருந்து அதை மறுபடி மேலே வைத்துப் பார்ப்பதுதான் அதன் முறை.

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்கு வரும் ஏலக்காயை வைத்து ஒரு கற்பனைக் கணக்கு. கிலோ 2000 ரூபாயிலிருந்து 2500க்கு ஏறுகிறது. 2300 வரை இறங்கித் திரும்புகிறது. ஏற்றத்தின் நீளம் 500. அதை 2300-உடன் கூட்டினால் முதல் இலக்கு 2800. 500-ஐ 1.272ஆல் பெருக்கிக் கூட்டினால் 2936, 1.618ஆல் பெருக்கினால் 3109. 1.618 பொன் விகிதம், 1.272 அதன் வர்க்கமூலம். இந்த எண்களுக்குச் சந்தையில் தனிச் சக்தி உண்டு என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. பலரும் அதே கோடுகளைப் பார்க்கிறார்கள் என்பது ஓரளவு காரணமாகலாம்.

எங்கிருந்து அளப்பது என்பதில்தான் பெரும்பாலும் பிழை நேர்கிறது. 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டம் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7000 ரூபாய்க்குப் போனது. ஆனால் அது அன்றைய அதிகபட்ச விலை. சராசரி அதைவிட வெகுவாகக் குறைவு. நல்ல பச்சை நிறமும் பருமனும் உள்ள ஒரு லாட்டின் விலையை உச்சமாக எடுத்தால், மேலே வரும் எல்லா இலக்கும் பொய்த்துவிடும். சராசரி விலையைக் கொண்டே அளக்க வேண்டும்.

ஒருவர் 2350 ரூபாய்க்கு 300 கிலோ வாங்கி வைத்திருக்கிறார் என்று கொள்வோம். முழுவதையும் 3109க்கே விற்பதென்று காத்திருக்க, விலை 2950 வரை போய் 2350க்குத் திரும்பினால் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. நூறு நூறு கிலோவாக மூன்று இலக்கிலும் விற்பவருக்கோ 2800இல் 45,000, 2936இல் 58,600, ஆக 1,03,600 ரூபாய் லாபம். கடைசி நூறு வாங்கிய விலைக்கே போகும். விலை 3109ஐத் தொட்டுவிட்டால் கதை மாறும்: ஒரே இலக்குக்காரருக்கு 2,27,700, மூன்று இலக்குக்காரருக்கு 1,79,500. அந்த 48,200 வித்தியாசத்தைக் காப்பீட்டுப் பிரீமியம் போல எண்ணலாம். மூன்றாகப் பிரிப்பது எப்போதும் அதிக லாபம் தருவதில்லை. 2800இலேயே மொத்தமும் விற்றவர்கூட முதல் நிலைமையில் 1,35,000 பார்த்திருப்பார். விலை எங்கே நிற்கும் என்பது முன்கூட்டித் தெரியாதபோது, மோசமான முடிவிலிருந்து தப்புவதே இதன் பலன். முதல் பங்கு விற்றதும் மீதிக்கு 2350ஐ ஸ்டாப் லாஸாக வைத்தால்தான் அந்தப் பலன் நிலைக்கும்.

ஏலக்காய்க்கு இன்னொரு வரம்பும் உண்டு. கிடங்கில் நாள்பட இருந்தால் பச்சை நிறம் மங்கித் தரம் இறங்கும். சராசரி விலை 3109ஐத் தொட்டாலும், பழைய சரக்குக்கு அந்த விலை கிடைக்காது.