அசல் பொருளை நிறுவனத்தின் அனுமதியின்றி இறக்குமதி செய்து விற்கலாமா? சட்டம் கூறுவது என்ன?

வெளிநாட்டில் விற்கப்பட்ட அசல் சாம்சங் அச்சுப்பொறிகளை, அந்நிறுவனத்தின் அனுமதியின்றி இறக்குமதி செய்து டெல்லி வணிகர்கள் சிலர் குறைந்த விலைக்கு விற்றனர். இது வணிகச்சின்ன உரிமை மீறல் எனக் கூறி சாம்சங் வழக்குத் தொடர்ந்தது.

உரிமையாளரே ஒரு பொருளைச் சந்தையில் விற்றுவிட்டால், அதன் மறுவிற்பனையைத் தடுக்கும் அவரது உரிமை அத்துடன் தீர்ந்துவிடும். 1999-ஆம் ஆண்டு வணிகச்சின்னங்கள் சட்டத்தின் 30(3)-ஆவது பிரிவு இதைக் கூறுகிறது. ஆனால், அதிலுள்ள ‘சந்தை’ என்ற சொல் எந்த நாட்டுச் சந்தையைக் குறிக்கிறது?

இந்தியச் சந்தையை மட்டுமே என்றார் டெல்லி உயர்நீதிமன்றத் தனி நீதிபதி. மேல்முறையீட்டை விசாரித்த இரு நீதிபதிகள் அமர்வோ, உலகச் சந்தையும் அதில் அடங்கும் என 2012 அக்டோபரில் தீர்ப்பளித்து, விற்பனையை அனுமதித்தது.

எனினும், வாங்குவோர் கவனிக்க வேண்டிய நிபந்தனை ஒன்று உண்டு. பொருள் இறக்குமதியானது, சாம்சங் உத்தரவாதமோ பழுதுநீக்கச் சேவையோ வழங்காது, அவற்றைக் கடைக்காரரே அளிப்பார் என்ற அறிவிப்பைக் கடையில் தெளிவாகத் தெரியும்படி வைக்க வேண்டும். குறைந்த விலைக்கு வாங்கும் அச்சுப்பொறி பழுதடைந்தால், கடைக்காரரைத்தான் நாட வேண்டியிருக்கும்.

சந்தைக்கு வந்த பின் பொருளின் நிலை மாற்றப்பட்டிருந்தாலோ, சீர்கெட்டிருந்தாலோ 30(4)-ஆவது பிரிவின்கீழ் உரிமையாளர் மறுவிற்பனையை எதிர்க்கலாம்.