மாத்திரையைக் கேட்காமல் தரும் டயட் சார்ட்

"எடை குறையணும், ஒரு டயட் சார்ட் குடுங்க" என்று கேட்டால் போதும். உயரத்தையும் எடையையும் மட்டும் கேட்டுக்கொண்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிற பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். வயது, நோய், மாத்திரை, எடை குறைக்க என்ன காரணம் என்று எதையும் அவர்கள் விசாரிப்பதில்லை. சர்க்கரை நோயாளிக்கு இது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

55 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலை டிபனுக்கு முன் கிளிமிபிரைட் மாத்திரை போடுகிறவர். கைக்கு வந்த சார்ட்டில் காலை உணவே கிடையாது; முதல் சாப்பாடு மதியம் 12 மணிக்கு, அதிலும் சோறு இல்லை. மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டு ஜிம்முக்குப் போகிறார். கிளிமிபிரைட் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். உடற்பயிற்சியும் சேர்ந்துகொள்ள, ரத்தச் சர்க்கரை சரிகிறது.

வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் என்று அறிகுறிகள் வரும். ஜிம்மில் வியர்ப்பதை யார் சந்தேகப்படுவார்கள்? ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபுரோலால் போடுகிறவருக்கு நடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாமலே போகலாம்.

குளுக்கோமீட்டர் 70-க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்தும் ஏறவில்லையென்றால் மீண்டும் அதே அளவு. தேறியதும் சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். கிளிமிபிரைட் மாத்திரையின் வேகம் நெடுநேரம் நீடிக்கும். அதனால் தேறியவருக்கும் மறுபடி சர்க்கரை இறங்கலாம். மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

டாபாகிளிஃப்ளோசின் போடுகிறவருக்கு கீட்டோ டயட் வேறு வகை ஆபத்து. உடலில் கீட்டோன் அமிலம் பெருகும். மீட்டரிலோ சர்க்கரை அவ்வளவாக ஏறியிருக்காது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் கீட்டோன் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

அந்த 55 வயதுக்காரரும் எடை குறைப்பது நல்லதுதான். ஆனால் உணவைக் குறைப்பதற்கு முன் மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். சார்ட் தருகிறவர் கேட்காவிட்டால், மருந்துச்சீட்டை நீங்களே காட்டுங்கள். "அதெல்லாம் வேண்டாம், எல்லாருக்கும் இதே சார்ட்தான்" என்றால் பணம் கட்டாதீர்கள்.

பணம் கட்டிப் பெற்ற சேவையில் அலட்சியத்தால் பாதிப்பு வந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது சேவைக் குறைபாடு. 1915 உதவி எண்ணில் முதலில் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள். கேட்டபோது நோயை மறைத்திருந்தால் வழக்கு நிற்பது கடினம்.