இரவில் நின்றுபோன ஸ்கிரிப்ட்: காலையில் குவியலைக் கண்டவர்கள் என்ன செய்ய வேண்டும்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை மையம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே எடுக்கும் சாம்பிள்கள் மாலையில் சிதம்பரத்தில் உள்ள லேபுக்குப் போகின்றன. இரவில் மெஷின்கள் ஓடி, ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு ரிசல்ட் ஃபைலை `inbox` என்ற ஃபோல்டரில் போடுகின்றன. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு ஸ்கிரிப்ட் எழுந்து, பழைய ஃபைலிலிருந்து வரிசையாக எடுத்து, மருத்துவருக்கும் நோயாளிக்கும் அனுப்பிவிட்டு, அந்த ஃபைலை வேறு இடத்துக்கு மாற்றுகிறது. இரவு முழுக்க ஆள் தேவையில்லை.

ஒரு நாள் காலை ஏழு மணிக்கு லேப் ஊழியர்கள் வரும்போது கடலூரிலிருந்து ஒரு மருத்துவர் போனில் காத்திருக்கிறார். டெங்கு சந்தேகத்தில் இருக்கும் நோயாளியின் பிளேட்லெட் எண்ணிக்கை இன்னும் வரவில்லை. ஃபோல்டரைத் திறந்தால் 186 ஃபைல்கள் அப்படியே கிடக்கின்றன. இது விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட நிகழ்ச்சிதான். ஆனால் இதில் வரும் ஒவ்வொரு பழுதும் கணினித் துறையில் அன்றாடம் நடப்பது.

ஏன் யாருக்கும் தெரியவில்லை?

இரவு 10.40க்கு வந்த ஒரு ஃபைலில் வயது என்ற இடம் காலியாக இருந்தது. எண்ணை எதிர்பார்த்த ஸ்கிரிப்ட் அதைப் படிக்க முடியாமல் அங்கேயே நின்றது. பத்து நிமிடம் கழித்து மறுபடி எழுந்தது, வரிசையில் முதலில் இருந்த அதே ஃபைலை எடுத்தது, மறுபடி நின்றது. காலை ஆறு மணிக்குள் இப்படி 44 முறை. பின்னால் வந்த நல்ல ஃபைல்கள் எல்லாம் அந்த ஒன்றின் பின்னே தேங்கின.

சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததால் கண்காணிப்புத் திரை பச்சையாகவே இருந்தது. ஸ்கிரிப்டின் புலம்பல் எங்கே போனது என்பதற்கு, அதை எழுப்பும் க்ரான் அட்டவணையின் வரியைப் பார்க்க வேண்டும்:

```
*/10 * * * * python3 /opt/lab/send.py >/dev/null 2>&1
```

கடைசிப் பகுதியின் பொருள் இதுதான்: ஸ்கிரிப்ட் எதைச் சொன்னாலும், பிழைச் செய்தி உட்பட, எல்லாவற்றையும் தூக்கி எறி. பொதுவாக க்ரான், தான் ஓட்டும் நிரல் ஏதாவது அச்சிட்டால் அதை மின்னஞ்சலாக அனுப்பும். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளைக்கு 144 மின்னஞ்சல். தொல்லை தாங்காமல் யாரோ ஒருவர் இந்த வாலைச் சேர்த்திருப்பார். நல்ல செய்தியோடு கெட்ட செய்தியும் அன்றே அடைபட்டுவிட்டது.

மின்னஞ்சல் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஓர் ஊழியர் தவறான சர்வரில் தரவுத்தள ஃபோல்டரை அழித்துவிட்டார். காப்புப் பிரதியைத் தேடினால் அந்த இடம் காலி. தினமும் பிரதி எடுக்க வேண்டிய வேலை, 9.6 பதிப்புத் தரவுத்தளத்தை 9.2 பதிப்புக் கருவியால் படிக்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தது. பிழை மின்னஞ்சலும் கிளம்பியது. ஆனால் அனுப்புநர் சரிபார்ப்பு இல்லாததால் பெறும் சர்வர் அதை ஏற்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் ஊழியர் ஒருவர் வேறொரு தேவைக்காகக் கையால் எடுத்துவைத்த பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது. எச்சரிக்கை போகும் வழியையும் அவ்வப்போது சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கற்ற பாடம்.

காலை அணியின் வேலை

குவியலைக் கண்டதும் ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டத்தான் கை போகும். அதைச் செய்யக் கூடாது. முதலில் க்ரானில் அந்த வரியை நிறுத்திவைத்து, எவ்வளவு கிடக்கிறது, மிகப் பழையது எது என்று பார்க்க வேண்டும்:

```
ls inbox | wc -l
ls -ltr inbox | head
```

பழைய ஃபைலின் நேரம்தான் பழுது எப்போது தொடங்கியது என்பதைக் காட்டும்.

அடுத்தது, குவியலில் உயிர் சம்பந்தப்பட்டவை எவை என்று பிரிப்பது. பிளேட்லெட் மிகக் குறைந்தவர், பொட்டாசியம் மிக உயர்ந்தவர் போன்றோரின் ரிசல்ட்டை ஒருவர் உட்கார்ந்து மருத்துவர்களுக்குப் போனிலேயே சொல்ல வேண்டும். ஸ்கிரிப்டுக்கு எது முதலில் வந்தது என்பது மட்டுமே தெரியும்; எது அவசரம் என்பது மனிதர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொருவர் வயது இல்லாத ஃபைலைத் தனி ஃபோல்டருக்கு மாற்ற வேண்டும். அதை அழிக்கக் கூடாது. அதுவும் ஒரு நோயாளியின் ரிசல்ட். பிறகு ஐந்து ஃபைல்களை மட்டும் அனுப்பி, மறுமுனையில் சரியாக வந்ததா என்று கேட்டுவிட்டு மிச்சத்தை அனுப்பலாம். ஸ்கிரிப்ட் பாதி வேலையில் நின்றிருந்தால், ஒரு ரிசல்ட் மருத்துவருக்குப் போய் நோயாளிக்குப் போகாமல் இருந்திருக்கலாம். எனவே எது யாருக்குப் போனது என்று பதியும் பட்டியல் ஒன்று வேண்டும். அனுப்பும் முன் ஸ்கிரிப்ட் அதைப் பார்த்தால் இரட்டிப்பு வராது.

மறுபடி நடக்காமல் இருக்க

கெட்ட ஃபைல் ஒன்று வந்தால் அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகும்படி ஸ்கிரிப்டைத் திருத்துவது முதல் வேலை. ஆனால் நாளை வேறொரு காரணத்தால் நிற்கலாம். அதனால் தோல்வியைச் சொல்லச் சொல்வதைவிட, வெற்றியைச் சொல்லச் சொல்வது நல்லது. இரவுக் காவலாளியின் விசில் சத்தம் வராவிட்டால்தானே தெரு விழித்துக்கொள்கிறது?

```
python3 /opt/lab/send.py && curl -fsS https://monitor.example/lab
```

இடையில் உள்ள `&&` குறி, ஸ்கிரிப்ட் நல்லபடியாக முடிந்தால் மட்டுமே இரண்டாவது கட்டளையை ஓடவிடும். அது வேறொரு கணினிக்குப் போகும் ‘முடித்துவிட்டேன்’ என்ற தகவல். அரை மணி நேரம் அந்தத் தகவல் வராவிட்டால் அந்தக் கணினி ஒருவரைப் போனில் எழுப்பும். சிதம்பரம் சர்வரே செத்துப்போனாலும் இந்த ஏற்பாடு வேலை செய்யும், ஏனென்றால் கூப்பிடுவது அந்த சர்வர் அல்ல.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றாளர்கள் அன்றாடக் கணக்கில் விடுபட்டார்கள். லேப்கள் அனுப்பிய பட்டியல்களை ஒரு தானியங்கி வேலை பழைய எக்ஸெல் வடிவ ஃபைலில் சேர்த்தது. அந்த வடிவத்தில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. ஒருவருக்கே பல வரிகள் தேவைப்பட்டதால் ஒரு ஃபைலில் ஏறக்குறைய 1,400 பேர்தான் அடங்கினார்கள், மிச்சம் வெட்டுப்பட்டது. அவர்களுக்குத் தங்கள் ரிசல்ட் கிடைத்திருந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணி நாள்கணக்கில் தாமதமானது.

அங்கே வேலை நிற்கவில்லை, முடிந்தது; குறைவாக முடிந்தது. அப்படிப்பட்ட வேலை ‘முடித்துவிட்டேன்’ என்றும் சொல்லிவிடும். இதைப் பிடிக்க ஒரே வழி இரண்டு முனையிலும் எண்ணுவது: மெஷின் தந்த ஃபைல்கள் எத்தனை, மறுமுனைக்குப் போனவை எத்தனை, ஒதுக்கப்பட்டவை எத்தனை. பின்னிரண்டின் கூட்டல் முதலாவதற்குச் சமமாக இல்லாவிட்டால் எச்சரிக்கை எழ வேண்டும்.

உங்கள் மருத்துவமனையிலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ, கல்லூரி அலுவலகத்திலோ இரவில் இப்படி ஏதாவது ஓடினால், அதைப் பார்த்துக்கொள்பவரிடம் இன்றே இரண்டு கேள்விகள் கேளுங்கள். இன்றிரவு இது நின்றுவிட்டால் விடிவதற்குள் யாருடைய போன் அடிக்கும்? நேற்று உள்ளே வந்ததும் வெளியே போனதும் எத்தனை? இரண்டுக்கும் பெயரோடும் எண்ணோடும் பதில் வராவிட்டால், அதைச் சரிசெய்யும்வரை இரவில் ஒருமுறை ஓர் ஆள் எட்டிப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.