படத்துக்குச் சாட்சி நின்ற மீன்கள்

2025 பெப்ரவரியில் ஒரு மாலைப்பொழுது, மாங்குளத்தில் என் இல்லத்துக்கு ஒரு முதிய தாய் வந்தார். அவருடைய மகன் என்னிடம் தமிழ் பயின்றவன். இப்பொழுது நோர்வேயின் வடகோடியிலுள்ள பின்மார்க் மாகாணத்தில், அல்டா என்னும் நகரில் வாழ்கின்றான். 1980களில் அந்நாட்டு மீன் தொழிற்சாலைகளை நாடிச் சென்ற எம்மவரின் வழிவந்த உறவொன்று அவனையும் அங்கே அழைத்துக்கொண்டது. அவன் அனுப்பிய படமொன்றைத் தாயார் தம் கைத்தொலைபேசியில் காட்டினார்.

உறைந்து கிடக்கும் ஓர் ஏரி. அதன் மேல் சிறிய கூடாரம் ஒன்று, உள்ளே விளக்கேற்றிய காகிதக் கூடு போல மஞ்சளாக ஒளிர்கின்றது. வானிலோ, திரைச்சீலையை உதறி விரித்தாற்போன்று பச்சை ஒளி. அதனூடே எண்ணிறந்த விண்மீன்கள்.

"பண்டிதர் ஐயா, இது மெய்தானோ? என்ரை பிள்ளை இந்தக் கூடாரத்துக்குள்ளையோ இருக்கிறான்?" என்று கேட்டார்.

நான் சற்றும் எண்ணாது, "இது கணினியில் தீட்டிய சித்திரம், அம்மா, வானம் இப்படிப் பச்சையாய் இராது" என்று கூறிவிட்டேன். அவர் முகம் வாடிற்று. மகன் தமக்குப் பொய்ப்படம் அனுப்பினான் என்பது அவருக்கு எவ்வளவு துயரம் என்பதை அப்பொழுது நான் உணரவில்லை. படத்தின் பிரதியை மட்டும் பெற்றுக்கொண்டு அனுப்பிவைத்தேன்.

இரவில் அதை மீண்டும் பார்த்தபொழுது, பச்சை ஒளியின் கீழே பழகிய முகங்கள் தென்பட்டன. திருவாதிரை மீன் செந்நிறமாய் நின்றது. அதன் கீழே ஒரு வரிசையில் மூன்று மீன்கள். அவற்றுக்கும் கீழே வெண்ணிறமான ரைகல். வேட்டைக்காரன் என்று நாம் வழங்கும் கூட்டம் அது. ஆனால், பெப்ரவரி முன்னிரவில் நம் உச்சிக்கு அணித்தாய் நிற்கும் அக்கூட்டம், படத்தில் பனிக்கரையை ஒட்டித் தாழ்ந்து நின்றது.

அவ்வொரு செய்தியே என்னைக் கணக்குப் போடத் தூண்டிற்று. அந்த மூன்று மீன்களும் வானத்தின் நடுக்கோட்டிலே உள்ளவை. ஆகவே, அவை தெற்கே உச்சநிலை அடையும்போது அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதை அறிய, 90 பாகையிலிருந்து ஊரின் அகலக்கோட்டைக் கழித்தாற் போதும். மாங்குளத்தின் அகலக்கோடு ஏறத்தாழ 9 பாகை. எனவே இங்கே 81 பாகை உயரம். அல்டா 70 பாகையில் உள்ளது. அங்கே 20 பாகையே. படத்தில் 20 பாகையை எவ்வாறு அளப்பது? அளவுகோல் அக்கூட்டத்திலேயே உண்டு. திருவாதிரைக்கும் ரைகலுக்கும் இடைத்தூரம் 19 பாகைக்குச் சற்றுக் குறைவு. ஒரு காகிதத் துண்டினால் அத்தூரத்தை அளந்து, நடுமீனிலிருந்து பனிக்கரை வரை வைத்தேன். ஏறத்தாழ ஒத்திருந்தது. வானத்தை வேறெங்கிருந்தோ வெட்டி ஒட்டியவன் இவ்வொழுங்கைப் பேணியிருக்க மாட்டான். மீன்கள் என் மாணவனுக்காகச் சாட்சி சொல்லின.

ஆயினும் பச்சை நிறம்? அதனை அவனிடமே கேட்டேன். "ஐயா, கண்ணுக்கு அது பெரும்பாலும் சாம்பல் பூத்த வெண்முகில் போலவே தெரிந்தது. சில நிமிடங்கள் மாத்திரம் நன்றாய்ப் பச்சையாயிற்று" என்று எழுதினான். மங்கிய ஒளியில் நம் கண்ணிலே நிறமறியும் கலங்கள் துயில, நிறமறியாக் கலங்களே வேலை செய்கின்றன. மேலும், கண் ஒளியைச் சேர்த்துவைப்பது ஒரு செக்கனின் சிறு பங்குக்கே. கமராவோ கதவைத் திறந்துவைத்து வரும் ஒளியையெல்லாம் ஒரே தட்டில் சேர்க்கின்றது. நிறம் வானில் உள்ளதுதான். ஞாயிற்றிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்கள் புவியின் காந்தப் புலத்தைக் குழப்ப, அதனால் முடுக்கப்பெற்ற இலத்திரன்கள் 100 கிலோமீற்றருக்கு மேலுள்ள ஒட்சிசன் அணுக்களை மோதும்போது அவை உமிழும் ஒளியே அது. கண்ணுக்கு எட்டாததைக் கமரா கூட்டித் தருகின்றதேயன்றிப் புனைந்து தருவதில்லை.

அப்படியாயின் நெடுநேரம் திறந்துவைத்தால் இன்னும் நன்றன்றோ என்று கேட்டேன். அங்கேதான் நுட்பம் இருக்கின்றது. அவன் 20 மில்லிமீற்றர் வில்லையை முழுதும் திறந்து, 8 செக்கன் வைத்தான். புவி சுழலுதலால் அந்நேரத்தில் வேட்டைக்காரனின் நடுமீன்கள் படத்தட்டில் நகரும் தூரம் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு. அவை புள்ளியாகவே நிற்கும். 30 செக்கன் வைத்தால் அதுபோல் நான்கு மடங்கு நகர்ந்து கோடாகிவிடும். துருவமீனை நோக்கி வைத்திருந்தால் அங்குள்ள மீன்கள் மெல்லவே நகர்தலின் சிறிது கூடுதலாக வைக்கலாம். தென்திசைக்கு அச்சலுகை இல்லை. ஆனால் மீன்களைவிட விரைந்து ஆடுவது ஒளித்திரையே. அது வேகமாய் அசையும்போது 8 செக்கனும் மிகை. மடிப்புகளெல்லாம் கலந்து பச்சைப் புகையாகிவிடும். அவ்வேளை 2 அல்லது 3 செக்கனே தகும். கூடார விளக்கோ எதிர்மாறு: எட்டுச் செக்கனும் எரிந்தால் வெண்தழலாய்ப் பொங்கும். ஆகவே உள்ளிருந்த நண்பர் ஒரு செக்கன் மட்டும் ஏற்றி அணைத்தாராம்.

அவனுடைய முதற்படங்கள் பல கெட்டன. குளிரில் வில்லையின் மேல் மெல்லிய பனி படிந்தது. மீன்களைச் சுற்றி ஊர்கோள் போன்ற வட்டம் எழுந்தபொழுதே அதனை அறிந்தானாம். பனிக்கட்டி விரிசலிட்டு முழங்கும்போது முக்காலி நடுங்கி, மீன்கள் யாவும் ஒரே திசையில் கொக்கிபோல் வளைந்தன. புவிச் சுழற்சியால் வரும் கோடு வில்லாக இருக்கும். நடுக்கத்தால் வருவது கொக்கியாக இருக்கும் என்று வேறுபாட்டையும் எழுதியிருந்தான்.

மீன்கள் இவ்வாறு சாட்சி நிற்பது இன்று புதிதன்று. அதே அல்டாவின் பகுதியாகிய பொசெகொப்பில் 1892ஆம் ஆண்டு மார்ட்டின் பிரெண்டல் என்னும் செருமானியர் இவ்வொளியைப் படம்பிடித்தார். 1910இல் நோர்வேயின் கணிதப் பேராசிரியர் கார்ல் ஸ்டோர்மர் அங்கே சென்று, சில கிலோமீற்றர் இடைவெளியில் இரு கமராக்களை நிறுவி, தொலைபேசியிற் பேசி ஒரே நொடியில் இரண்டையும் திறப்பித்தார். ஒளித்திரை இரு படங்களிலும் வெவ்வேறு மீன்களின் அருகே தோன்றும். இரு நிலையங்களும் 4 கிலோமீற்றர் தள்ளியிருக்க, ஒளி 100 கிலோமீற்றர் உயரத்தில் தலைக்கு மேல் நின்றால், அவ்விலகல் இரண்டு பாகைக்குச் சற்று மேல். நிலவை நான்கு முறை அடுக்கிய அகலம். அவ்விலகலை அளந்தே அவர் உயரத்தைக் கணித்தார். படத்தில் மீன்கள் இல்லையேல் அளப்பதற்கு ஆதாரம் ஏது?

மறுநாள் மாலை அத்தாயின் படலையைத் திறந்தேன். "அம்மா, நேற்று நான் சொன்னது பிழை. படம் மெய். உங்கள் பிள்ளை பொய் அனுப்பவில்லை" என்றேன். நிறத்தைப் பற்றியும் கமராவைப் பற்றியும் விளக்கினேன். அவர் பொறுமையாய்க் கேட்டார். பிறகு, "அந்த மூன்று வெள்ளியும் எங்கை, ஐயா?" என்றார்.

முற்றத்துக்கு வந்தோம். மணி எட்டு. தலைக்கு நேர்மேலே சற்றுத் தெற்காக அவை நின்றன. காட்டினேன். "இன்னும் நாலரை மணி நேரம் போக, அங்கும் எட்டு மணியாகும். அப்பொழுது இவை அவனுக்கு முன்னால், பனிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிற்கும்" என்றேன்.

அவர் கையை நீட்டி, விரல்களை விரித்து ஒரு சாண் அளந்து பார்த்தார். "அவ்வளவு பதிவாகவோ?" என்று கேட்டு, கழுத்து நோக நெடுநேரம் மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.