ஒரே குவியல், இரண்டு பட்டியல்!
காயலான் கடைக்குப் போகும் ஆபீஸ் பீரோக்கள்: தீர்மானத்தில் எங்கே ஓட்டை விழுகிறது?

ஆபீஸ் மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்த பீரோக்கள், கால் ஒடிந்த நாற்காலிகள். வருஷக்கணக்காகக் கிடக்கின்றன. ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் இடம் சுத்தமாகக் காலி!

"எங்கே சார் சாமான் எல்லாம்?" என்று கேட்டால், "தீர்மானம் போட்டுத் தள்ளியாச்சு" என்று பதில் வரும்.

தீர்மானம் போட்டால் போதுமா? போதாது. அதோடு இருக்கும் பட்டியல் சரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வருஷம் கழித்துத் தணிக்கைக்காரர் வருவார். அப்போது மாட்டிக்கொண்டு முழிப்பது பட்டியல் எழுதிய குமாஸ்தாதான்.

மத்திய அரசு ஆபீஸ்களுக்கு 2017-ம் ஆண்டின் பொது நிதி விதிகள் உண்டு. மத்திய அரசின் கீழ் உள்ள தன்னாட்சி நிறுவனங்களும், தங்களுக்கென்று தனி நிதி விதி இல்லாவிட்டால், இதன்படிதான் நடக்க வேண்டும். அப்படி ஒரு நிறுவனத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம்.

குவியலில் என்ன இருக்கிறது?

30 பீரோ, 40 இரும்பு அலமாரி, 50 மேஜை, 100 நாற்காலி. மூலையில் காலால் மிதித்து ஓட்டும் பழைய அச்சு இயந்திரம் ஒன்று. எல்லாம் இரும்பு. எடை போட்டால் 8 ஆயிரம் கிலோ. கிலோ 30 ரூபாய் என்று கணக்கு வைத்தால் 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்.

முதல் வேலை, "இது இனி உதவாது" என்று சொல்வது. அதை யார் வேண்டுமானாலும் சொல்லிவிட முடியாது. அந்தச் சாமானை வாங்க எந்த அதிகாரிக்கு அதிகாரம் உண்டோ, அவர்தான் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். அவர் ஒரு கமிட்டியும் போடலாம்.

அடுத்து பட்டியல். இதற்கு ஜி.எப்.ஆர். 10 என்று படிவமே இருக்கிறது. சாமான் பெயர், எண்ணிக்கை அல்லது எடை, புத்தக மதிப்பு, வாங்கிய வருஷம், இப்போதைய நிலை, எப்படி விற்பது என்று கட்டம் கட்டமாக எழுத வேண்டும். புத்தக மதிப்பு கிடைக்காவிட்டால் வாங்கின விலையைப் போடலாம்.

தீர்மானம் நாலு வரிதான். "இணைப்பு 1-ல் கண்ட 5 வகைப் பொருள்களை, கமிட்டி அறிக்கையின்படி உதவாதவை என ஏற்று, பொது ஏலத்தில் விற்கவும், வாங்கின விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிலிருந்து நீக்கவும் தீர்மானிக்கப்பட்டது." அவ்வளவுதான். உயிர் எல்லாம் அந்த 'இணைப்பு 1' என்ற இரண்டு சொல்லில் இருக்கிறது.

2 லட்ச ரூபாய் கோடு

இங்கேதான் விஷயம்! மதிப்பு 2 லட்சத்தைத் தாண்டினால் விளம்பரம் செய்து டெண்டர் கேட்க வேண்டும், அல்லது பொது ஏலம் விட வேண்டும். 2 லட்சத்துக்குள் என்றால் எப்படி விற்பது என்பதை அதிகாரியே முடிவு செய்யலாம். நாலு கடைக்காரர்களிடம் விலை கேட்டும் முடித்துவிடலாம்.

நம் குவியல் 2 லட்சத்து 40 ஆயிரம். ஏலம்தான் விட வேண்டும். ஆனால் தெரிந்த காயலான் கடைக்காரர் ஒருவர் வந்து நிற்கிறார். உடனே மேலதிகாரி குமாஸ்தாவைக் கூப்பிடுகிறார்.

"ஏன்யா, இதை ரெண்டாப் பிரிச்சு எழுதேன்."

பிரித்தாகிவிட்டது! பீரோவும் அலமாரியும் 'அ' பட்டியல்: 1 லட்சத்து 11 ஆயிரம். மேஜை, நாற்காலி, அச்சு இயந்திரம் 'ஆ' பட்டியல்: 1 லட்சத்து 29 ஆயிரம். இரண்டுமே கோட்டுக்குக் கீழே. ஒரே வாரத்தில் இரண்டு தீர்மானம். இரண்டையும் வாங்கியவர் ஒருவரே, மொத்தம் 2 லட்சத்து 47 ஆயிரத்துக்கு. "மதிப்பை விட 7 ஆயிரம் கூடுதலாச்சே" என்று சமாதானமும் ரெடி.

ஏலம் விட்டிருந்தால் 3 லட்சம் போயிருந்தால்? 53 ஆயிரம் அவுட்!

இதைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் நிபுணர் வேண்டாம். இரண்டு பட்டியலின் தேதி, கமிட்டி பார்வையிட்ட நாள், வாங்கியவர் பெயர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். ஒரே நாளில் பார்வையிட்ட சாமான் ஏன் இரண்டு பட்டியலில் வந்தது என்ற ஒரே கேள்விக்கு ஆபீசில் பதில் இருக்காது.

சுத்தியல் விழுந்ததும்...

நேர்மையாக ஏலம் விட்டால் எப்படி நடக்கும்? ஏலக் குழுவில் நிதிப் பிரிவு அதிகாரி ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். சுத்தியல் விழுந்ததும் எடுத்தவர் அந்த இடத்திலேயே கால் பங்கு கட்ட வேண்டும். 3 லட்சம் என்றால் 75 ஆயிரம். மீதி 2 லட்சத்து 25 ஆயிரமும் வந்த பிறகுதான் சாமான் வாசலைத் தாண்டலாம். "லாரி நிற்குது சார், பணம் நாளைக்கு" என்ற பேச்சே கூடாது.

விற்ற பிறகு ஜி.எப்.ஆர். 11 என்ற விற்பனைக் கணக்கு. இதில் ஒரு கட்டம் ரொம்பப் பொல்லாதது. ஏற்றுக்கொண்ட அதிகபட்சக் கேள்வி எவ்வளவு என்று எழுதினால் போதாது. தள்ளிவிட்ட அதிகபட்சக் கேள்வி எவ்வளவு என்றும் எழுத வேண்டும். உண்மையாகப் போட்டி நடந்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒரே ஆள் தன் மச்சான் பெயரில் கேட்டிருந்தால் அந்தக் கட்டமே கதை சொல்லும்.

2 பீரோ எங்கே?

கடைசியாக ஒரு கண்ணி. ஸ்டாக் புத்தகத்தில் 32 பீரோ. தரையில் 30 தான். "எல்லாம் பழசுதானே, 32 என்றே எழுதி நீக்கிடலாம்" என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள்.

அப்படி எழுதினால் அது பொய்க்கணக்கு. துருப்பிடித்துப் போனது வேறு. காணாமல் போனது வேறு. துருவுக்கு யாரும் பொறுப்பில்லை. காணாமல் போனதற்கு மேலிடத்துக்கு உடனே அறிக்கை அனுப்பி, யார் கவனக்குறைவு என்று விசாரிக்க வேண்டும். அதைத் தனி இணைப்பில், தனித் தீர்மானத்தில் காட்ட வேண்டும். எவ்வளவு ரூபாய் வரை யார் நீக்கலாம் என்ற வரம்பும் இந்த இரண்டு வகைக்கும் வேறு வேறாக இருக்கலாம். அதிகாரப் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும்.

ஆபீஸ் சாமானை வருஷத்துக்கு ஒரு தடவையாவது எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதும் விதிதான். எண்ணியிருந்தால் அந்த 2 பீரோ போன வருஷம் தெரிந்திருக்கும். அப்போது ஸ்டோர் சாவி யாரிடம் இருந்தது என்றும் தெரிந்திருக்கும். எண்ணாமலே "சரிபார்த்தேன்" என்று வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டவர் ஓய்வு பெறும் நேரத்தில்தான் பழைய தணிக்கைக் குறிப்பு மேஜைக்கு வரும். தீர்மானம் போட்ட பெரியவர்கள் மாற்றலாகிப் போயிருப்பார்கள். புத்தகத்தில் இருப்பது இவர் கையெழுத்து!

ஆகவே குமாஸ்தாக்களே, "ரெண்டாப் பிரிச்சு எழுதேன்" என்று யாராவது சொன்னால், "உத்தரவை எழுத்திலே கொடுங்க சார்" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் குவியல் ஒரே பட்டியலாகவே ஏலத்துக்குப் போய்விடும்.